உங்களுக்குத் தெரியுமா? எதிரே ஆளில்லாத இன்டர்வியூ

சிரிப்புக்கு மார்க் இல்லை

திரையில் கேள்வி தோன்றும். 30 விநாடி யோசிக்கலாம். பிறகு கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேச வேண்டும். எதிரே யாரும் இல்லாத இந்த வீடியோ இன்டர்வியூவுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி முகத்தைப் பற்றியே இருக்கும். புன்னகை மாறக்கூடாது, புருவம் சுருங்கக்கூடாது, கண் இமைப்பதைக்கூட மென்பொருள் எண்ணுகிறது என்பார்கள்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2004-ல் தொடங்கிய ஹயர்வியூ நிறுவனம்தான் இத்துறையில் பெரிய பெயர். ஆரம்பத்தில் வேலை தேடுவோர் வீட்டுக்கே வெப்கேமராவைத் தபாலில் அனுப்பி வைத்த நிறுவனம் அது. பின்னாளில் முகபாவங்களையும் அளந்து மதிப்பெண் தரும் மென்பொருளை விற்றது. எபிக் என்ற தனியுரிமை அமைப்பு 2019 நவம்பரில் அமெரிக்க வணிக ஆணையத்திடம் இதைப் பற்றிப் புகார் கொடுத்தது. 2021 ஜனவரியில், முகத்தை அளப்பதைக் கைவிட்டுவிட்டதாக ஹயர்வியூ அறிவித்தது. வேட்பாளர் பேசியதிலிருந்து தெரிந்ததற்கு மேல் முகம் சொன்னது மிகக் கொஞ்சம் என்பது அவர்களே தந்த விளக்கம்.

எல்லா நிறுவனங்களும் கைவிட்டுவிட்டன என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் கண்ணாடி முன் சிரித்துப் பழகும் நேரத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.

புத்தக அலமாரி போட்ட மார்க்

முகத்தையும் காட்சியையும் அளந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியின் பவேரிய ஒலிபரப்பு நிறுவனம் 2021-ல் சோதித்துக் காட்டியது. மியூனிக்கைச் சேர்ந்த ரெட்டோரியோ நிறுவனத்தின் மென்பொருள் முன்னால் ஒரு நடிகை உட்கார்ந்தார். பேச்சு மாறவில்லை, தோற்றம்தான் மாறியது. கண்ணாடி போட்டால் ஒரு மதிப்பெண், தலையில் துணி கட்டினால் இன்னொன்று. பின்னணியில் புத்தக அலமாரியைச் சேர்த்தபோதும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தபோதும்கூட அவருடைய குணநலன் மதிப்பெண்கள் நகர்ந்தன.

இதைக் கேட்டுவிட்டு அலமாரி வாங்க ஓட வேண்டாம். எந்தப் பொருள் எந்த மென்பொருளில் மதிப்பெண்ணை ஏற்றும், எதில் இறக்கும் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. வெற்றுச் சுவர், முகத்துக்கு நேரே வெளிச்சம், கண் உயரத்தில் கேமரா, அவ்வளவு போதும். மென்பொருள் பார்க்காவிட்டாலும் பல நிறுவனங்களில் எச்.ஆர். அதிகாரி பிறகு அதே வீடியோவைப் போட்டுப் பார்ப்பார். அவருக்கு முகம் தெரிய வேண்டும்.

அப்படியானால் எதற்குத்தான் மார்க்?

பெரும்பாலும் எழுத்துக்கு. நீங்கள் பேசியதைப் பேச்சறி மென்பொருள் முதலில் எழுத்தாக மாற்றுகிறது. அந்த எழுத்தை இன்னொரு மென்பொருள் மதிப்பிடுகிறது. அந்த இரண்டாவது மென்பொருளுக்குப் பாடம் நடத்தியது மனிதர்கள்தான். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் பழைய பதில்கள் ஏராளமானவற்றைப் படித்து, ‘வாடிக்கையாளரை அணுகும் விதம்’, ‘சிக்கலைத் தீர்ப்பது’ என்று ஒவ்வொரு திறனுக்கும் மதிப்பெண் போட்டிருப்பார்கள். எப்படி நடந்துகொண்டவருக்கு எத்தனை என்ற அளவுகோல் அவர்கள் கையில் இருக்கும். அந்த மதிப்பெண்களைப் போலவே தானும் போடப் பழகிக்கொள்வதுதான் மென்பொருளின் வேலை.

ஆகவே தயாரிக்க வேண்டியது அந்த அளவுகோலுக்கு. ஓர் உதாரணம் பார்ப்போம். ‘கோபமாக இருந்த வாடிக்கையாளரைச் சமாளித்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்’ என்பது கேள்வி. பதில் சொல்பவர் கல்லூரி விடுமுறையில் ஜவுளிக்கடை பில் கவுன்ட்டரில் வேலை பார்த்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பதில்: “நான் எப்போதுமே பொறுமையானவள். வாடிக்கையாளர்தான் முக்கியம் என்று நம்புகிறேன். யார் கோபப்பட்டாலும் சிரித்த முகத்தோடு பேசி, குழுவாகச் செயல்பட்டு, பிரச்சினையைத் தீர்த்துவிடுவேன்.”

இரண்டாவது பதில்: “தீபாவளிக்கு முந்தின வாரம். ஒருவருக்கு ஒரே சட்டை இரண்டு முறை பில்லில் ஏறிவிட்டது. அவர் கத்த ஆரம்பித்தார், பின்னால் நீளமான வரிசை. அவரைப் பக்கத்துக் கவுன்ட்டருக்கு அழைத்துப் போய்ப் பில்லைப் பார்த்தேன். தப்பு எங்களுடையதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பணம் திருப்பித் தரும் அதிகாரம் எனக்கு இல்லை, அதனால் சூப்பர்வைசரை அங்கேயே வரவழைத்தேன். வாடிக்கையாளர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து பில் போடும்போது எத்தனை உருப்படி என்று உரக்கச் சொல்லிப் பழகினேன்.”

முதல் பதிலில் குறை சொல்ல ஒரு வார்த்தை இல்லை. மார்க் போடவும் ஒன்றும் இல்லை. எதுவும் நடக்காத பதில் அது. இரண்டாவதில் தவறை ஒப்புக்கொண்டது இருக்கிறது, பில்லைச் சரிபார்த்தது இருக்கிறது, தன் அதிகாரத்தின் எல்லை தெரிந்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டது இருக்கிறது, மறுபடி நடக்காமல் பார்த்துக்கொண்டதும் இருக்கிறது. அளவுகோலில் எழுதி வைத்திருப்பது இப்படிப்பட்ட செயல்களைத்தான். ‘டீம்வொர்க்’, ‘லீடர்ஷிப்’ என்று சொற்களைத் தூவினால் மென்பொருள் மயங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இப்போதைய மென்பொருள்கள் தனிச்சொற்களை எண்ணுவதைவிட வாக்கியத்தின் பொருளைப் பிடிக்கவே முயல்கின்றன.

என்ன திறனைக் கேட்பார்கள் என்பது பெரிய ரகசியமும் இல்லை. வேலை விளம்பரத்திலேயே இருக்கும். அதில் அடிக்கடி வரும் நான்கைந்து திறன்களுக்குத் தலா ஒரு உண்மைச் சம்பவத்தை யோசித்து வையுங்கள்.

இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம்?

நிதானமாக ஆங்கிலம் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 சொற்கள் வரும். இரண்டு நிமிடத்துக்கு 260, தாளில் ஒரு பக்கம் தேறும். சூழ்நிலையை விவரிக்க 20 விநாடிக்கு மேல் எடுக்காதீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் வேண்டும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம்: கடையின் வரலாற்றில் தொடங்கி, கதாநாயகன் வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. நேரம் முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்பதும் இல்லை. சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள்.

ஜெர்மனில் பேசி ஆங்கிலத்தில் பாஸ்

ஹில்கே ஷெல்மன் என்ற பத்திரிகையாளர் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழுக்காக 2021-ல் ஒரு விளையாட்டுக் காட்டினார். மைஇன்டர்வியூ என்ற மென்பொருள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க, அவர் விக்கிப்பீடியாவில் உளவியல் அளவீடு பற்றிய ஜெர்மன் கட்டுரையை அப்படியே வாசித்தார். மென்பொருள் அதை ஆங்கிலமாகவே எடுத்துக்கொண்டு, தலையும் வாலும் இல்லாத ஒரு எழுத்துப்படியைத் தயாரித்தது. பிறகு வேலைக்கு 73 சதவீதம் பொருத்தம் என்றும் சொன்னது. கியூரியஸ் திங் என்ற இன்னொரு மென்பொருளிடமும் ஜெர்மனில் பேசினார். ஆங்கிலத் திறனுக்கு 9-க்கு 6 கிடைத்தது.

இந்த மதிப்பெண்ணை வைத்து உங்கள் திறமையை எடைபோட்டுக்கொள்ள வேண்டியதில்லை. அதே சமயம் எழுத்துப்படி எப்படி அமைகிறது என்பதில் நீங்கள் கொஞ்சம் கைவைக்க முடியும்.

மென்பொருளின் காது

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-ல் ஆப்பிள், அமேசான், கூகுள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களை அமெரிக்கர்களின் பேச்சை வைத்துச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசியபோது சராசரியாக 100 சொற்களுக்கு 19 பிழை. கறுப்பர் பேசியபோது 35. ஒரே நாட்டில் பிறந்து அதே மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே இந்த வித்தியாசம். அந்த மென்பொருள்கள் பிறகு எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனால் எந்த உச்சரிப்பை அதிகம் கேட்டுப் பழகியதோ அதையே நன்றாகப் புரிந்துகொள்ளும் என்ற அடிப்படை மாறவில்லை.

உங்கள் பேச்சு எங்கே வழுக்குகிறது என்று காசில்லாமல் பார்க்கலாம். போனில் விசைப்பலகையின் மைக்கைத் தொட்டு, மொழியை ஆங்கிலமாக வைத்து, தயாரித்த பதிலைச் சொல்லுங்கள். வந்து விழும் எழுத்தைப் படியுங்கள். இன்டர்வியூ மென்பொருளின் காது இதேபோல இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, ஆனால் இங்கே குழம்பும் இடங்கள் அங்கேயும் குழம்ப வாய்ப்புண்டு. ‘தி’, ‘ஏ’ போன்ற சின்னச் சொற்கள் விட்டுப்போனால் கவலை வேண்டாம். பெயர்ச்சொல், வினைச்சொல், எண் ஆகியவை மாறினால்தான் பொருள் கெடும்.

எண்களில் அடிக்கடி நேர்வது பிஃப்டீனும் பிஃப்டியும் மாறிப்போவது. 15 என்றால் இரண்டாவது அசையை அழுத்தி, கடைசி ‘ன்’ ஒலியை விழுங்காமல் சொல்ல வேண்டும். 50-க்கு அழுத்தம் முதல் அசையில். ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் மென்பொருள் கடித்துக் குதறத்தான் செய்யும். திருச்செங்கோட்டை அது என்னவாக எழுதும் என்று ஒருமுறை முயன்று பாருங்கள், பொழுது போகும். தவிர்க்க முடியாத பெயர் என்றால் முன்னும் பின்னும் சிறு இடைவெளி விடுங்கள். அடுத்த சொற்களாவது பிழைக்கும்.

லேப்டாப்பின் சொந்த மைக்கைவிட, கம்பியுள்ள சாதாரண ஹெட்செட் பல நேரம் மேல். வாய்க்கு நெருக்கமாக இருப்பதுதான் காரணம். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியை அந்த அரைமணி நேரம் நிறுத்திவிடுங்கள்.

63 கேள்வி, கால்மணி நேரம்

சென்னையிலும் கோவையிலும் பி.பி.ஓ. வேலைக்கு முயன்றவர்களுக்கு வெர்சன்ட் என்ற பெயர் பழக்கமாக இருக்கும். கணினியே கேட்டுக் கணினியே திருத்தும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. கலிபோர்னியாவில் ஜாரெட் பெர்ன்ஸ்டைன் தொடங்கிய ஆர்டினேட் நிறுவனம் 1990-களில் இதை ஃபோன்பாஸ் என்ற பெயரில் தொலைபேசி வழியே நடத்தியது. இன்று இது பியர்சன் வசம் இருக்கிறது. பலரும் எழுதிய வடிவத்தில் 63 கேள்விகள். 8 வாக்கியம் வாசிப்பது, 16 வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, 24 சிறு கேள்வி, கலைந்த சொற்றொடர்களைச் சேர்த்து 10 வாக்கியம் அமைப்பது, 3 கதையைக் கேட்டுச் சொல்வது, கடைசியில் சொந்தக் கருத்து சொல்லும் 2 கேள்வி.

அந்தக் கடைசி இரண்டுக்கும் கணினி மார்க் போடுவதில்லை! பதிவு செய்து வைத்துக்கொள்ளும், வேலை கொடுப்பவர் விரும்பினால் கேட்டுப் பார்க்கலாம். பலர் மனப்பாடம் செய்து, பயந்து பயந்து தயாரிப்பது இந்த இரண்டுக்குத்தான்.

‘திருப்பிச் சொல்’ என்பது நினைவாற்றல் சோதனையா?

கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் என்ன திறமை இருக்கிறது என்று தோன்றும். இந்தத் தேர்வின் நெஞ்சே அதுதான். மூன்று நான்கு சொல் வாக்கியத்தை யாரும் ஒலியாகவே பிடித்து ஒப்பித்துவிடலாம். பன்னிரண்டு சொல் என்றால் முடியாது, அத்தனை தனித்தனி ஒலிகள் மனதில் தங்காது. மொழியின் அமைப்பு பழகியவர் மட்டும் அதை மூன்று நான்கு கட்டுகளாகப் பிடித்துக்கொண்டு திரும்பக் கட்டிவிடுவார். ஆகவே திருப்பிச் சொல்ல முடிவதே இலக்கணம் உள்ளே இறங்கியிருப்பதற்கு அடையாளம்.

ஒரு வாக்கியம்: ‘தி மீட்டிங் ஹாஸ் பீன் மூவ்ட் டு தர்ஸ்டே பிகாஸ் தி மேனேஜர் இஸ் ட்ராவலிங்.’ சரியாகப் பன்னிரண்டு சொல். தொடர்ந்து பிடிக்கப் பார்த்தால் ‘பிகாஸ்’ வருவதற்குள் ‘ஹாஸ் பீன்’ நழுவி, பலர் ‘மீட்டிங் மூவ்ட் தர்ஸ்டே’ என்று முடித்துவிடுவார்கள். பொருள் சரிதான். ஆனால் கேட்டது பொருளை இல்லை, சொற்களை. இதையே ‘தி மீட்டிங்’, ‘ஹாஸ் பீன் மூவ்ட் டு தர்ஸ்டே’, ‘பிகாஸ் தி மேனேஜர்’, ‘இஸ் ட்ராவலிங்’ என்று நான்கு கட்டாகக் கேட்டால் நிற்கும்.

பயிற்சி எளிது, ஆனால் ஒரே நாளில் வராது. ஆங்கிலச் செய்தியை ஒலியாகப் போட்டு, வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, கேட்டபடி சொல்லுங்கள். ஆறு சொல் வாக்கியத்தில் தொடங்கி மெல்ல நீளமாக்குங்கள். எங்கே உடைகிறதோ அந்தக் கட்டை மட்டும் தனியே நாலைந்து முறை சொல்லிவிட்டு முழு வாக்கியத்துக்குத் திரும்புங்கள்.

தேர்வில் ஒரு சொல் நழுவினால் அதைத் தேடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நிற்க வேண்டாம். இந்தத் தேர்வின் மதிப்பெண்ணில் வாக்கிய அமைப்புக்கு 30 சதவீதம், சரளத்துக்கு 30, சொல்வளத்துக்கு 20, உச்சரிப்புக்கு 20. நடுவில் விடும் நீண்ட இடைவெளி சரளத்தைத் தின்னும், கொஞ்ச நேரம் பேசாமலிருந்தால் கணினி அடுத்த கேள்விக்குப் போய்விடும். அகராதியைக் கரைத்துக் குடிப்பவர்களும் வெள்ளைக்காரர் போல நாக்கை வளைப்பவர்களும் அந்த சதவீதங்களை இன்னொரு முறை பார்க்கவும்.

கண்காணிப்பு வேறு, மதிப்பெண் வேறு

வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளில் பக்கத்தில் இன்னொரு மென்பொருள் காவல் இருக்கும். உலாவியில் வேறு பக்கத்துக்குத் தாவினால், முகம் சட்டத்தை விட்டு வெளியே போனால், இன்னொரு குரல் கேட்டால் அது குறித்துக்கொள்ளும். அது உங்கள் பதிலுக்கு மார்க் போடாது, ஆனால் அந்தக் குறிப்புகளால் தேர்வே செல்லாமல் போகலாம். வாட்ஸ்அப் அறிவிப்பு குதிக்காமல் முன்பே அணைத்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், “காபி வேணுமா?” என்ற அன்பான குரல்கூட அங்கே இன்னொரு ஆளாகத்தான் பதிவாகும்.

பலூன் வெடித்தால்?

சில நிறுவனங்கள் விளையாட்டு வைக்கின்றன. பொத்தானை அழுத்த அழுத்தப் பலூன் பெருக்கும், பணம் சேரும். எப்போது வெடிக்கும் என்று தெரியாது, வெடித்தால் அந்தப் பலூனின் பணம் போச்சு. 2002-ல் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்கூடச் சோதனை இது, துணிந்து இறங்கும் சுபாவத்தை அளப்பதற்காக வந்தது. பைமெட்ரிக்ஸ் நிறுவனம் இதை ஆள் எடுப்புக்குக் கொண்டுவந்தது. அதிகம் சேர்த்தவர் வென்றார் என்று அர்த்தமில்லை. அந்த வேலையில் ஏற்கெனவே நன்றாகச் செயல்படுகிறவர்கள் எப்படி ஆடினார்களோ அதோடு ஒப்பிடுவார்கள். அவர்கள் எப்படி ஆடினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ‘பலூன் சூத்திரம்’ விற்பவருக்கும் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வீடியோவை மென்பொருள் மதிப்பிடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும். வேட்பாளர் கேட்டால் 30 நாளுக்குள் வீடியோவை அழிக்க வேண்டும். நியூயார்க் நகரில் 2023 ஜூலையிலிருந்து, இத்தகைய கருவிகளில் பாரபட்சம் இருக்கிறதா என்று வெளியாரை வைத்துத் தணிக்கை செய்யாமல் பயன்படுத்தக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் பணியிடத்தில் முகத்தையோ குரலையோ வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளுக்கு, மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்கள் தவிர, தடை.

இதற்கென்றே தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனாலும் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. பதிலை மதிப்பிடுவது மென்பொருளா, மனிதரா? பதிலைத் திருத்திப் பேச இன்னொரு வாய்ப்பு உண்டா? மாதிரிக் கேள்வி இருக்கிறதா? இந்த மூன்றையும் எச்.ஆர். அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சலில் கேட்கலாம். திக்குவாய், செவித்திறன் குறைவு, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் கூடுதல் நேரமோ நேரில் பேசும் மாற்று ஏற்பாடோ கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் பேச்சில் விழும் இடைவெளிக்குக் காரணம் எது என்று மென்பொருள் பிரித்துப் பார்க்காது. இணைப்பைத் திறந்து கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் பயனில்லை. இணைப்பு வந்த அன்றே எழுதிவிடுங்கள்.